கூகுள் போட்டோஸில் உள்ள குடும்பப் படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு சந்தாவை நிறுத்தலாமா?

யீஷூன்வாசி

வணக்கம். எங்கள் குடும்பப் படங்கள் ஏறத்தாழ 380 ஜிபி கூகுள் போட்டோஸில் இருக்கின்றன. பெரும்பாலும் பிள்ளைகள் பிறந்த பிறகு கைபேசியில் எடுத்தவை. அதோடு, தாத்தா செம்பவாங் நேவல் பேஸில் வேலை பார்த்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களையும் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறேன். எந்த வருடம், யார் யார் நிற்கிறார்கள் என்று அம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் தமிழில் குறிப்பும் போட்டு வைத்தேன். அம்மா இப்போது இல்லை. அந்தக் குறிப்புகள் போனால் திரும்பக் கேட்க ஆள் கிடையாது.

மாதாமாதம் சந்தா கட்டுவதற்கு ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு க்ளவுடை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்கு முப்பது நாற்பது வருடம் கழித்தும் படங்கள் கிடைக்க வேண்டும். இரண்டில் எதை நம்புவது? வீட்டில் இருப்பது மேக்புக்.

கம்போங்பையன்

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. க்ளவுட் என்பது அடுத்தவர் வீடு. கூகுளின் பழைய படச் சேவையான பிகாசாவை 2016இல் மூடினார்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றலாம் என்றார்கள், 2021 ஜூன் 1 முதல் அதையும் நிறுத்தினார்கள். நாளைக்கு என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்?

டிஸ்க் வாங்கும்போது எஸ்எஸ்டியாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே சுற்றும் பாகம் எதுவும் இல்லை, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் மூடி வைத்தால் முப்பது வருடம் தாங்கும்.

பழையலென்ஸ்

சந்தாவை இப்போதே நிறுத்த வேண்டாம், தங்கச்சி. முதலில் அதன் விளைவைச் சொல்கிறேன். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, போட்டோஸ், டிரைவ், ஜிமெயில் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 380 ஜிபி படங்கள் உள்ளே இருக்கும்போது சந்தா முடிந்தால், புதுப் படம் ஏறாமல் போவதோடு ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். வங்கி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த முகவரிக்குத்தானே எழுதுகின்றன? அளவுக்கு மேல் இரண்டு வருடம் அப்படியே கிடந்தால் படங்களை அழிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பது விதியிலேயே இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். க்ளவுடும் டிஸ்க்கும் கெட்டுப்போகும் விதம் வேறு வேறு. கூகுளின் தரவு மையத்தில் ஒரு டிஸ்க் செத்ததால் உங்கள் படம் தொலைவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அங்கே தொலைவது கணக்கு வழியாகத்தான்: கடவுச்சொல் மறந்துபோகும், அட்டை காலாவதியாகும், கணக்கு முடங்கும், கணக்குக்கு உரியவர் இறந்துபோவார், அல்லது வீட்டில் யாராவது கை தவறி அழித்துவிடுவார்கள். டிஸ்க்கில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆனால் அது ஒரு பொருள், என்றாவது பழுதாகும். அதைவிட மோசம், சில கோப்புகள் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போய், படத்தைத் திறக்கும் நாள்வரை தெரியாமலே இருப்பது. ஒன்று விழும் காரணத்தால் மற்றது விழாது என்பதால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

தம்பி கம்போங்பையனுக்கு ஒரு வார்த்தை. சேவைகள் மாறும், மூடப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எஸ்எஸ்டி பற்றிச் சொன்னதுதான் தவறு. எஸ்எஸ்டியில் தரவு மின்னேற்றமாகத்தான் நிற்கிறது. மின்சாரம் கொடுக்காமல் அலமாரியில் வருடக்கணக்கில் வைத்தால் அந்த ஏற்றம் கசியும், நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாகக் கசியும். தினமும் பயன்படுத்த எஸ்எஸ்டி நல்லது. எடுத்து வைத்துவிட்டு எப்போதாவது திறந்து பார்க்க, சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான் ஏற்றது. அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும்.

கம்போங்பையன்

சரி அண்ணா, எஸ்எஸ்டி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க் மாற்றச் சொல்கிறீர்கள், சந்தாவும் கட்டச் சொல்கிறீர்கள். செலவைக் குறைக்கத்தானே அவர் கேட்டார்?

ரேணு_ஜூரோங்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நான் ஐக்ளவுட். கைபேசியைக் கம்ப்யூட்டரில் சொருகி எல்லாப் படத்தையும் காப்பி செய்யலாம் என்று பார்த்தால் பாதிக்கு மேல் வரவே இல்லை. கைபேசியில் இடத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அசல் படங்கள் க்ளவுடில் மட்டும் இருக்க, கைபேசியில் இருந்தவை சின்னப் பிரதிகள். மேக்கில் போட்டோஸ் செயலியின் அமைப்புக்குப் போய், அசல்களை மேக்கிலேயே வைக்கச் சொல்லி, முழுவதும் இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் டிஸ்க்குக்கு ஏற்றுமதி செய்தேன்.

அப்புறம் ஒன்று. ஐக்ளவுட் போட்டோஸ் ஒத்திசைவுதான், பேக்கப் இல்லை. ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவியிலும் அழியும். குப்பையில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான்.

பழையலென்ஸ்

ரேணு சொன்னது கூகுளுக்கும் பொருந்தும். பேக்கப் ஓடும் கைபேசியில் கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் கைபேசியிலிருந்தும் போய்விடும். அங்கே குப்பையில் 60 நாள். "டிஸ்க்குக்கு இறக்கியாகிவிட்டது, இனி அழிக்கலாம்" என்று உட்காருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

யீஷூன்வாசி, இறக்குவதற்கு takeout.google.com போங்கள். போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு கோப்பு 50 ஜிபி என்று வையுங்கள். உங்களுக்கு எட்டு ஜிப் கோப்புகள் அளவில் வரும். தயாரானதும் அஞ்சலில் இணைப்பு வரும், ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே உடனே இறக்குங்கள். டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுதலாம். பழைய ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது.

செலவைப் பற்றித் தம்பி கேட்டது நியாயமான கேள்விதான். சந்தாவைக் குறைக்க நல்ல வழி, அழிக்கத் தகுந்த நீண்ட வீடியோக்களையும் திரைப்பிடிப்புகளையும் களைவதுதான். அதையும் டிஸ்க் பிரதியைச் சரிபார்த்த பிறகுதான் செய்ய வேண்டும்.

மல்லிகாக்கா

என்னிடம் அப்பா அம்மா கல்யாண ஆல்பம் இருக்கிறது, அந்தக் காலத்தில் சிராங்கூன் சாலை ஸ்டூடியோவில் எடுத்தது. ஸ்டோர் ரூமில் வைத்திருந்தேன், படங்களில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது. இதற்கு எந்த டிஸ்க் நல்லது?

பழையலென்ஸ்

அக்கா, உங்களுக்கு முதலில் வேண்டியது டிஸ்க் இல்லை, ஆல்பத்தை ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே எடுப்பதுதான். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் பூசணம் சும்மா இருக்காது. கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரியை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் படத்துக்கும் போதும். பூசணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், படத்தின் மேல்பூச்சு அதோடு உரிந்து வரும். முதலில் இருக்கிறபடியே ஸ்கேன் செய்துவிடுங்கள். மற்றதைத் தனி இழையில் பேசலாம்.

யீஷூன்வாசி

இறக்கிவிட்டேன். ஆனால் தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கிறது. தாத்தா படங்களை டிஸ்க்கில் திறந்தால் தேதி எல்லாம் 2019 என்று காட்டுகிறது, நான் ஸ்கேன் செய்த வருடம். நான் போட்ட 1962, 1965 எதுவும் இல்லை. குறிப்புகளையும் காணோம். வாட்ஸ்ஆப்பில் வந்த குடும்பப் படங்களுக்கு இறக்கிய நாளே தேதியாக இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன .json கோப்பு கிடக்கிறது. குப்பையென்று அழிக்கப் போனேன், நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்தினேன்.

பழையலென்ஸ்

தொடாதீர்கள்! அம்மா சொன்னது அத்தனையும் அந்தக் கோப்புகளுக்குள்தான் இருக்கிறது. கூகுள் போட்டோஸில் நீங்கள் தேதியை மாற்றினாலோ குறிப்பு எழுதினாலோ அது படக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை, அவர்களுடைய தரவுத்தளத்தில்தான் சேர்கிறது. டேக்அவுட் அதைத் தனிக் கோப்பாகத் தருகிறது. ஒன்றை எழுத்துச் செயலியில் திறந்தால் இப்படி இருக்கும்:

```
"title": "scan_014.jpg",
"description": "தாத்தா, பெரியப்பா, லைன் வீட்டு வாசல்",
"photoTakenTime": {
  "timestamp": "-236563200"
```

அந்த எண், 1970 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட விநாடிகள். அதற்கு முந்தைய படம் என்றால் கழித்தல் குறி வரும். மேலே உள்ள எண் 1962 ஜூலை 4. வாட்ஸ்ஆப் படங்களின் கதை வேறு. அனுப்பும்போதே எடுத்த தேதியைப் படத்திலிருந்து உரித்துவிடும். அவற்றுக்கும் .json கோப்பில் உள்ள தேதிதான் மிச்சம்.

இதையெல்லாம் படத்துக்குள்ளேயே எழுதிவிட்டால் முப்பது வருடம் கழித்து எந்தச் செயலியில் திறந்தாலும் தெரியும். அதற்கு எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. முதலில் எல்லா ஜிப்பையும் விரித்து Photos என்ற ஒரே போல்டராகச் சேருங்கள். ஒவ்வொன்றாக இரட்டைச் சொடுக்கில் விரித்தால் மேக் தனித்தனி போல்டர் போடும். படம் ஒன்றிலும் அதன் .json இன்னொன்றிலும் போய்விடும், ஜோடி சேராது. சேர்த்த பிறகு, ஒரு சின்னப் போல்டரில் சோதித்துவிட்டு, கைபேசி, வாட்ஸ்ஆப் படங்களுக்கு, மேக்கின் டெர்மினலில் அந்தப் போல்டர் இருக்கும் இடத்துக்குப் போய் இதை ஓட்டுங்கள்:

```
exiftool -r -ext jpg -d %s -wm cg -tagsfromfile "%d%f.%e.supplemental-metadata.json" "-DateTimeOriginal<PhotoTakenTimeTimestamp" Photos
```

இதில் `-wm cg` முக்கியம். ஏற்கெனவே தேதி உள்ள படத்தை அது தொடாது, இல்லாததற்கு மட்டும் எழுதும். ஸ்கேன் படங்களுக்கு நேர்மாறாக வேண்டும், 2019ஐ அழித்து எழுத வேண்டும். அவற்றை Scans என்ற தனிப் போல்டருக்கு .json கோப்புகளோடு நகர்த்தி, இதை ஓட்டுங்கள்:

```
exiftool -r -ext jpg -d %s -tagsfromfile "%d%f.%e.supplemental-metadata.json" "-DateTimeOriginal<PhotoTakenTimeTimestamp" "-XMP-dc:Description<Description" Scans
```

குறிப்பை எக்ஸ்எம்பி பகுதியில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது யூனிகோடு, தமிழ் எழுத்து அப்படியே நிற்கும். பழைய ஐபிடிசி பகுதியில் எழுதினால், எழுத்துக் குறியாக்கம் சரியாகக் குறிக்கப்படாத இடத்தில் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். கழித்தல் குறி உள்ள எண்களை மட்டும் கருவியிடம் விடாதீர்கள். 1970க்கு முந்தைய படங்கள் குறைவாகத்தானே இருக்கும்? அவற்றின் தேதியைக் கையால் எழுதிவிடுங்கள்:

```
exiftool "-DateTimeOriginal=1962:07:04 12:00:00" scan_014.jpg
```

சிம்லிம்_சுற்றி

நானும் டேக்அவுட் செய்தேன். எக்சிஃப்டூல் எல்லாம் வேண்டாம், இணையத்தில் கிடைத்த ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினேன், எல்லாவற்றுக்கும் தேதி வந்துவிட்டது. ஆனால் கூகுளிலேயே பிழை இருக்கிறது போல. என் மகள் காலை 6.40க்குப் பிறந்தாள். பிறந்த அறையில் எடுத்த படம் முந்தைய நாள் இரவு என்று காட்டுகிறது.

பழையலென்ஸ்

கூகுள் பிழை இல்லை தம்பி. அந்த எண் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது, நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை எட்டுக்கு முன் எடுத்த படம் எல்லாம் அங்கே முந்தைய நாள்தான். உங்கள் ஸ்கிரிப்ட் எட்டு மணியைக் கூட்டாமல் எழுதியிருக்கிறது. மேலே நான் கொடுத்த கட்டளை கணினியின் நேர மண்டலத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே கணினி சிங்கப்பூர் நேரத்தில் இருக்க வேண்டும், ஊருக்குப் போயிருக்கும்போது ஓட்டக் கூடாது. உங்கள் .json கோப்புகள் இன்னும் இருந்தால் திரும்ப எழுதலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1982 ஜனவரி 1 அன்றுதான் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி எட்டு மணிக் கணக்குக்கு வந்தது. அதற்கு முந்தைய ஸ்கேன்களில் அரை மணி வித்தியாசம் கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம். ஸ்கேன் படத்தில் நாள் சரியாக இருந்தாலே பெரிது.

யீஷூன்வாசி

அண்ணா, Scans போல்டரில் வந்துவிட்டது! படத்தைத் திறந்தால் அம்மா சொன்ன பெயர்கள் தமிழிலேயே தெரிகின்றன. சில படங்களுக்கு மட்டும் எழுதப்படவில்லை, .json கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்கிறது. கோப்பு அங்கேதான் இருக்கிறது.

பழையலென்ஸ்

அந்தப் படங்களின் பெயர் நீளமாக இருக்கும், பாருங்கள். டேக்அவுட் நீளமான பெயர்களை வெட்டிவிடும். முடிவில் `.supplemental-metadata.json` என்பதற்குப் பதில் `.supplemental-meta.json` என்றோ இன்னும் குட்டையாகவோ நிற்கும். எந்த இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்த்து, கட்டளையில் அந்த முடிவைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். மீதியைக் கையால் செய்யலாம்.

கருவி ஒவ்வொரு படத்துக்கும் `_original` என்று பழைய பிரதியை வைத்திருக்கும். திருப்தியான பிறகு அவற்றை அழிக்கலாம். ஆனால் கூகுள் தந்த ஜிப் கோப்புகளைக் கை வைக்காமல் இரண்டாவது டிஸ்க்கில் போட்டு வையுங்கள். நாளைக்கு எதையாவது சரிசெய்ய வேண்டுமென்றால் மூலம் அதுதான்.

எல்லாம் முடிந்த பிறகு கைரேகைப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடும் குறியீடுதான் அதன் கைரேகை. படத்தில் எதையாவது எழுதினால் கைரேகை மாறிவிடும், ஆகவே இது கடைசி வேலை. FAMILY என்ற இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயரைப் போடுங்கள்:

```
cd /Volumes/FAMILY
find . -type f -not -path '*/.*' -not -name list.txt -exec shasum -a 256 {} + > list.txt
```

வருடம் ஒருமுறை, தீபாவளிக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்களேன், டிஸ்க்கைச் சொருகி இதை ஓட்டுங்கள்:

```
cd /Volumes/FAMILY
shasum -a 256 -c list.txt | grep -v ': OK$'
```

ஒன்றும் காட்டாமல் முடிந்தால் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று அர்த்தம். FAILED என்று ஒரு பெயர் வந்தால் அந்தப் படத்தை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுங்கள். பல பெயர்கள் வந்தாலோ, படிக்கும்போது டிஸ்க் நின்று நின்று போனாலோ, டக் டக் என்று சத்தம் வந்தாலோ அந்த டிஸ்க்கை அதோடு விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்க வேண்டாம். சோதிக்காத டிஸ்க்கிலிருந்து நல்ல டிஸ்க்கின் மேல் காப்பி செய்யவும் கூடாது. கெட்ட பிரதி நல்லதன் மேல் ஏறிவிடும்.

ரேணு_ஜூரோங்

இரண்டாவது டிஸ்க்கை எங்கே வைப்பது? நான் இரண்டையும் ஒரே டிராயரில் வைத்திருக்கிறேன்.

பழையலென்ஸ்

ஒரே டிராயரில் இருந்தால் தீக்கோ திருட்டுக்கோ அது ஒரே டிஸ்க்தான். மேல் மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இறங்கி வீவக வீடுகளில் அலமாரி நனைவதைப் பார்த்திருக்கிறேன். அக்கா தங்கை வீட்டில் ஒன்று வையுங்கள், ஒவ்வொரு வருடச் சோதனையின்போதும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். வேறு வேறு நிறுவன டிஸ்க்காக, வேறு வேறு நேரத்தில் வாங்கியதாக இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் பழுதாகும் வாய்ப்பு குறையும்.

சிம்லிம்_சுற்றி

வெளியே கொடுத்து வைப்பதென்றால் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். பிள்ளைகள் குளிக்கும் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் இருக்கும். பூட்டாமல் கொடுக்கக் கூடாது.

கம்போங்பையன்

இதில் எனக்கு உடன்பாடில்லை. முப்பது வருடம் கழித்து அந்தக் கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பூட்டிய டிஸ்க்கில் ஒரு சின்ன இடம் பழுதானாலும் மொத்தமும் திறக்காமல் போகலாம். அடையாள அட்டைப் படங்களை மட்டும் தனியாகப் பூட்டுங்கள். தாத்தா படத்தை யார் பார்த்தால் என்ன?

பழையலென்ஸ்

இந்த விஷயத்தில் நான் தம்பி பக்கம்தான் சாய்வேன், ஆனால் சிம்லிம்_சுற்றி சொல்லும் பயத்தையும் தள்ளிவிட முடியாது. சிலர் பூட்டி, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உயிலோடு வைக்கிறார்கள். அது நடக்கும், தாள் இருக்கும்வரை. ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் வேறாகத்தான் இருக்கும்.

கணக்கை மட்டும் இந்த வாரமே பாருங்கள். இரண்டு வருடம் உள்ளே போகாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. கணக்கு அமைப்பில் செயல்படாத கணக்கு மேலாளர் என்ற பகுதி இருக்கிறது. எத்தனை மாதம் நுழையாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று அதில் சொல்லலாம். கணவர் பெயரையும் பெரிய பிள்ளையின் பெயரையும் போடுங்கள். ஐபோன்காரர்களுக்கு, ஐஓஎஸ் 15.2 முதல் மரபுரிமைத் தொடர்பாளர் என்ற வசதி உண்டு. அதில் தரும் அணுகல் சாவியை அச்செடுத்து அவரிடம் கொடுங்கள். பிறகு அவர் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிப்பார்.

யீஷூன்வாசி

கணவரிடம் இழையைக் காட்டினேன். சந்தா தொடரும், டிஸ்க் இரண்டு வாங்குகிறோம், ஒன்று புக்கிட் பாத்தோக்கில் என் நாத்தனார் வீட்டுக்குப் போகிறது. மேலாளர் பகுதியில் இரண்டு பெயரும் போட்டாயிற்று. பூட்டுவது பற்றி இன்னும் பேசி முடியவில்லை. அவர் பூட்ட வேண்டும் என்கிறார், நான் வேண்டாம் என்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம். கட்டளையில் jpg மட்டும்தான் இருக்கிறது. ஐபோன் படங்கள் .heic என்று இருக்கின்றன, வீடியோக்களும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பழையலென்ஸ்

கைபேசியில் நேராக எடுத்த .heic படங்களுக்குள் தேதி ஏற்கெனவே இருக்கும், பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. சந்தேகம் என்றால் `-ext heic` போட்டு முதல் கட்டளையை ஓட்டுங்கள், முடிவு உங்கள் கோப்புப் பெயருக்குப் பொருந்த வேண்டும். வீடியோக்களில் தேதி வேறு பகுதியில், கிரீன்விச் நேரத்தில் எழுதப்படுகிறது, இதே கட்டளை ஒத்துவராது. ஒரு வீடியோவின் பெயரையும் அதன் .json கோப்பில் உள்ளதையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை வீடியோக்களின் .json கோப்புகளை அழிக்காமல் அவற்றோடேயே வையுங்கள்.